ஒற்றைக் கேமராவும் ஒரு மீட்டர் தூரமும்

நடைவழியில் உருண்டு வரும் சிறு ரோபோவின் எதிரே ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. ரோபோவிடம் இருப்பது ஒரே ஒரு சாதாரண கேமரா. அது எடுத்த படத்தை, ஆழம் கணிக்கும் மாடல் ஒன்றிடம் கொடுத்தால் பளிச்சென்ற வண்ணப்படம் ஒன்று திரும்பி வருகிறது. பக்கத்தில் உள்ளவை மஞ்சளாகவும் தள்ளி இருப்பவை ஊதாவாகவும் தெரிகின்றன. அந்த வண்ணங்களுக்கு அடியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் உண்டு. பெட்டி இருக்கும் இடத்தில் அந்த எண் 10.

பத்து என்ன? மீட்டரா, அடியா, சாணா? எதுவுமே இல்லை. பின்னால் உள்ள சுவருக்கு மாடல் 5 என்று போட்டிருந்தால், சுவரைவிடப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். அவ்வளவுதான். 5-க்கு இரண்டு மடங்கு 10 என்பதால் பெட்டி பாதித் தூரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் நிரலுக்கு இந்தப் பதில் போதாது. அதற்கு வேண்டியது மீட்டர்.

ஒரே ஒரு படத்திலிருந்து மீட்டரைப் பிடிப்பது ஏன் கடினம் என்பதற்குப் பொம்மை வீடே சாட்சி. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த பொம்மை வீட்டை, பத்தில் ஒரு பங்கு தூரத்தில் கேமராவை வைத்துப் படமெடுத்தால், உண்மையான வீட்டின் படமும் அதுவும் ஒன்றுபோலவே விழும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க வடிவியலில் வழி கிடையாது. ஆனால் நாற்காலி எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம் என்ற பழக்கத்தை வைத்து ஊகிக்கலாம். மனிதர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தைக் கணிக்கும்போது செய்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த மாடல்களும் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து அதே ஊகத்தைப் பழகியவை.

இந்த முயற்சிக்கு வயது அதிகம் இல்லை. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிமோட் கார் ஒன்றை ஒற்றைக் கேமராவின் உதவியால் தடைகளைத் தவிர்த்து ஓட வைத்தார்கள். 2014-ல் டேவிட் ஐகன் உள்ளிட்ட நியூயார்க் ஆய்வாளர்கள் ஆழக் கற்றல் முறையை இந்தக் கணிப்பில் பயன்படுத்தினார்கள். அப்போதே அவர்கள் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: பிழையில் கணிசமான பங்கு, காட்சி மொத்தமாக எவ்வளவு பெரியது என்ற ஒரே கேள்வியிலிருந்து வருகிறது. ரோபோக்காரர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது அந்தக் கேள்வியோடுதான்.

மாடல் தரும் எண் ஏன் இப்படி அரைகுறையாக இருக்கிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி திரையரங்கில் இருக்கிறது. இன்டெல் ஆய்வகத்தின் ரெனே ரான்ஃப்டல் குழுவினர் 2019-ல் வெளியிட்ட மிடாஸ் மாடலுக்கு, வெவ்வேறு வகைத் தரவுகளை ஒன்றாகக் கலந்து பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று முப்பரிமாணத் திரைப்படங்கள். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படங்கள் இருப்பதால், ஒரு பொருள் இரண்டிலும் எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று அளந்து அதன் ஆழத்தைக் கணக்கிடலாம். பக்கத்தில் உள்ள பொருள் அதிகம் நகரும். தொலைவில் உள்ளது குறைவாக நகரும். அதாவது கிடைப்பது தூரம் அல்ல, தூரத்தின் தலைகீழி. ஒரு மீட்டருக்கு 1, இரண்டு மீட்டருக்கு அரை, நான்கு மீட்டருக்குக் கால் என்று போகும் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், படப்பிடிப்பில் இரண்டு கேமராக்களுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்பது வெளியில் தெரியாது. லென்ஸ் விவரமும் தெரியாது. எனவே எல்லா எண்களையும் பெருக்கி நிற்கும் ஏதோ ஓர் அளவு மறைந்திருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று. எது திரைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், எது திரைக்குப் பின்னால் போக வேண்டும் என்பதற்காக இரண்டு படங்களையும் பக்கவாட்டில் நகர்த்தி வைப்பது இந்தத் திரைப்படங்களில் வழக்கம். அந்த நகர்த்தலின் அளவும் தெரியாது. அது எல்லா எண்களோடும் கூடி நிற்கிறது. இப்படிப்பட்ட தரவை எல்லாம் ஒன்றாகப் பயன்படுத்த, ரான்ஃப்டல் குழுவினர் பயிற்சியின்போது இந்த இரண்டு தெரியாத எண்களையும் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள். வடிவம் சரியாக இருந்தால் போதும், அளவும் நகர்வும் எதுவாகவும் இருக்கலாம் என்று மாடலுக்குச் சொல்லப்பட்டது. 2024-ல் வந்த டெப்த் எனிதிங் மாடல்களும் இதே பாதையில் வந்தவை. முதல் பதிப்பு, ஆழம் குறிக்கப்படாத சுமார் 6.2 கோடிப் படங்களையும் சேர்த்துப் படித்தது. அதனால் எந்தக் காட்சியைக் காட்டினாலும் வடிவத்தை நன்றாகவே பிடிக்கிறது. மீட்டர் மட்டும் அதில் இல்லை.

இதைச் சூத்திரமாக எழுதினால் ஒரே வரி:

```
d = a / Z + b
```

d என்பது மாடல் தரும் எண். Z என்பது உண்மையான தூரம், மீட்டரில். a என்பது மறைந்திருக்கும் பெருக்கல் அளவு, b என்பது மறைந்திருக்கும் நகர்வு. மாடல் சரியாக வேலை செய்திருந்தால், ஒரு படத்துக்குள் இந்த இரண்டு எண்களும் எல்லாப் பிக்சல்களுக்கும் பொது. இவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் முழுப் படமும் மீட்டருக்கு மாறிவிடும். தெரியாதவை இரண்டு என்பதால், உண்மைத் தூரம் தெரிந்த இடங்கள் குறைந்தது இரண்டாவது வேண்டும். அவையும் வெவ்வேறு தூரங்களில் இருக்க வேண்டும்.

அந்த இடங்களை எங்கே தேடுவது? விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ரோபோ நிற்கும் தரையே போதும். கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது ரோபோவைச் செய்தவருக்குத் தெரியும். அது மாறாத அளவுகோல். ஒற்றைக் கேமரா ரோபோவில் மீட்டரைக் கொண்டுவர இதைவிட மலிவான வழி இல்லை.

கணக்கை ஒரு ரோபோவை வைத்தே போட்டுப் பார்க்கலாம். கேமரா 25 சென்டிமீட்டர் உயரத்தில், நேராக முன்னே பார்த்தபடி இருக்கிறது. படத்தின் அளவு 640-க்கு 480 பிக்சல். லென்ஸின் குவியத் தொலைவு பிக்சல் கணக்கில் 500. கேமரா சரிவில்லாமல் இருப்பதால் தொடுவானக் கோடு படத்தின் நடுவில், அதாவது 240-வது வரிசையில் விழும். அதற்குக் கீழே தெரியும் தரைப் பிக்சல் ஒவ்வொன்றின் தூரத்தையும் வடிவொத்த முக்கோணங்களே சொல்லிவிடும்: குவியத் தொலைவை உயரத்தால் பெருக்கி, தொடுவானத்திலிருந்து எத்தனை வரிசை கீழே என்பதால் வகுத்தால் போதும். 500-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 125. தொடுவானத்துக்கு 125 வரிசை கீழே, 365-வது வரிசையில் தெரியும் தரை சரியாக 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 50 வரிசை கீழே, 290-வது வரிசையில் தெரியும் தரை 2.5 மீட்டரில்.

இப்போது அதே இரண்டு இடங்களிலும் மாடல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 365-வது வரிசையில் 14 என்றும், 290-வது வரிசையில் 6.8 என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரின் தலைகீழி 1. இரண்டரை மீட்டரின் தலைகீழி 0.4. எனவே தலைகீழி 0.6 குறைந்தபோது மாடலின் எண் 7.2 குறைந்திருக்கிறது. 7.2-ஐ 0.6-ஆல் வகுத்தால் a கிடைக்கிறது: 12. மிச்சம் உள்ள b, 2. இனி அட்டைப்பெட்டியின் 10-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதில் 2-ஐக் கழித்தால் 8. 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5. பெட்டி ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. சுவரின் 5-லிருந்து 2-ஐக் கழித்தால் 3. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 மீட்டர். முன்பு பார்த்தபடி, எண் இரண்டு மடங்கு என்பதால் தூரம் பாதி ஆகிவிடவில்லை.

உண்மையான ரோபோவில் இரண்டு பிக்சல்களை மட்டும் நம்புவதில்லை. படத்தின் கீழ்ப்பகுதியில் தரை தெரியும் நூற்றுக்கணக்கான பிக்சல்களை எடுத்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே a, b-ஐத் தேடுகிறார்கள். நிரல் மூன்றே வரி:

```python
A = np.c_[1 / Z_floor, np.ones(len(Z_floor))]
a, b = np.linalg.lstsq(A, d_floor, rcond=None)[0]
Z = a / np.maximum(d - b, 1e-3)
```

தரை என்று எடுத்த பிக்சல்களில் சில, தரையாக இல்லாமல் யாரோ விட்டுப்போன செருப்பாக இருக்கலாம். அதனால் இந்த வரிகளுக்கு முன்பு ரேன்சாக் என்ற வடிகட்டும் முறை வரும். தற்செயலாகச் சில புள்ளிகளை எடுத்து a, b கணிப்பது, எத்தனை புள்ளிகள் அதோடு ஒத்துப்போகின்றன என்று எண்ணுவது, இதைப் பல முறை செய்து அதிக ஆதரவு பெற்றதை வைத்துக்கொள்வது. செருப்புப் பிக்சல்கள் சிறுபான்மையாக இருக்கும்வரை தோற்றுப்போகும்.

இந்த முறையில் இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. சமதரையில் தூரத்தின் தலைகீழி, பட வரிசையோடு நேர்கோட்டில் போகிறது. எனவே படத்தில் ஒரே ஒரு செங்குத்துப் பத்தியை எடுத்து, கீழிருந்து மேலாக மாடலின் எண்களைப் படித்தால் என்ன நடக்கும்? நம் ரோபோவில் அடி வரிசையில் சுமார் 25 இருக்கும். ஒவ்வொரு வரிசை மேலேறும்போதும் ஏறக்குறைய 0.1 குறைந்துகொண்டே வரும். 323-வது வரிசைக்கு அருகே 10-ஐத் தொட்டதும் குறைவது நின்றுவிடும்; அங்கிருந்து பெட்டியின் உச்சிவரை 10-லேயே நிற்கும். அந்தத் திருப்பம்தான் பெட்டியின் அடி. தரை சரிந்துகொண்டே போக, நிமிர்ந்து நிற்கும் பொருள் மட்டும் சரியாமல் நிற்கிறது. இந்தக் கோட்டை அப்படியே தொடுவானம்வரை நீட்டினால் அது b-யில், அதாவது 2-ல் போய் முட்ட வேண்டும். b என்பது முடிவில்லாத் தொலைவுக்கு மாடல் கொடுக்கும் எண், வேறொன்றுமில்லை. கோடு வளைந்து நெளிந்து இருந்தால் மாடல் தரையையே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். அந்தப் படத்தை நம்பக் கூடாது. இப்படி ஒரு வரைபடத்தைப் போட்டுப் பார்ப்பது, வண்ணப்படத்தை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

நடைமுறையில் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் b. ஒரு மீட்டரில் ஒரு பொருளை வைத்து, மாடலின் எண் 14 என்று பார்த்து, இனி தூரம் என்பது 14-ஐ அந்த எண்ணால் வகுத்தது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ஒரு மீட்டரில் அது பொருந்தவே செய்யும். ஆனால் நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை 2.8 மீட்டர் என்று அது சொல்லும். இதில் ஆபத்து குறைவு. ரோபோ சற்று முன்பாகவே தயங்கும். அரை மீட்டரில் இருக்கும் பொருளை அது 54 சென்டிமீட்டர் என்று சொல்வதுதான் ஆபத்து. மோதப்போகும் நேரத்தில், இல்லாத நான்கு சென்டிமீட்டரை இருப்பதாகக் காட்டுகிறது.

இரண்டாவது சறுக்கல், மாதிரி நிரலிலிருந்து வருகிறது. மாடலோடு வரும் செயல்விளக்க நிரல்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி இருக்கும்:

```python
depth = (depth - depth.min()) / (depth.max() - depth.min()) * 255.0
```

படத்தைத் திரையில் அழகாகக் காட்டுவதற்காக, இருப்பதிலேயே சிறிய எண்ணைச் சுழியாகவும் பெரியதை 255 ஆகவும் நீட்டும் வரி இது. திரைக்குச் சரி, ரோபோவுக்குச் சரியில்லை. ஒரு கணம் கேமரா முன் யாருடைய கையாவது வந்துபோனால் உச்ச எண் மாறும். உடனே, இம்மியும் நகராத சுவரின் எண்ணும் மாறிவிடும். முந்தைய படத்தில் கண்ட a, b இந்தப் படத்துக்குப் பொருந்தாது. அதனால் முதலில் செய்ய வேண்டியது இந்த வரியை நீக்கிவிட்டு, மாடலின் மூல எண்களை நேரடியாக எடுப்பது.

அப்படி எடுத்தாலும் a, b ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் மாடல் புதிதாகப் பார்ப்பதால் அவை சற்றே தத்தளிக்கும். காலையில் ஒருமுறை அளந்து நாள் முழுக்க வைத்துக்கொள்ளும் எண்கள் அல்ல இவை. ஒவ்வொரு படத்திலும் தரையைப் பார்த்துப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். முந்தைய சில படங்களின் சராசரியோடு சேர்த்து மெதுவாக மாற்றினால் தத்தளிப்பு அடங்கும். திடீரென்று a பாதியாகிவிட்டால் ரோபோ அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் தொலைதூரத்தில் இந்த எண்களுக்கு வலு குறைவு. மாடலின் எண்ணில் கூடவோ குறையவோ 0.3 பிழை இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டரில் அதன் விளைவு 2 அல்லது 3 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டரில் 6 சென்டிமீட்டருக்குள். ஆனால் மாடல் 3 என்று சொல்லும் இடத்தை எடுத்துக்கொண்டால், கணக்குப்படி அது 12 மீட்டர், அதே 0.3 பிழை அதை 9 மீட்டராகவோ 17 மீட்டராகவோ ஆக்கிவிடும். தலைகீழியை மறுபடி தலைகீழாக்கும்போது சின்னப் பிழை ஊதிப் பெருகுவது தவிர்க்க முடியாதது. ஆகவே மூன்று நான்கு மீட்டருக்கு மேல் உள்ளதை எல்லாம் "தூரத்தில் இருக்கிறது" என்று மட்டும் எடுத்துக்கொள்வதே நேர்மையான வடிவமைப்பு. மெதுவாக நகரும் சிறு ரோபோவுக்கு அது போதும்.

நேரடியாக மீட்டரிலேயே விடை தரும் மாடல்களும் வந்திருக்கின்றனவே, அவற்றையே வைத்துக்கொள்ளக் கூடாதா? ஸோய்டெப்த், யூனிடெப்த், ஆப்பிளின் டெப்த் ப்ரோ என்று அந்த வரிசை நீளம். டெப்த் எனிதிங்கிலும் உள்ளரங்குக்கு ஒன்று, வெளியிடத்துக்கு ஒன்று என மீட்டர் பதிப்புகள் உண்டு. அவை பயனுள்ளவைதான். ஆனால் அவற்றின் மீட்டர், பயிற்சியில் பார்த்த காட்சிகளின் பழக்கத்திலிருந்து வருவது. அந்தப் பழக்கம் எவ்வளவு குறுகலாக இருக்கலாம் என்பதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் வான் டைக்கும் கீடோ டி க்ரோனும் 2019-ல் சோதித்துக் காட்டினார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரச் சாலைகளில் காரின் மேல் பொருத்திய கேமராவால் எடுக்கப்பட்ட கிட்டி என்ற தரவுத் தொகுப்பில் பயின்ற மாடல்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் இருக்கும் ஒரு காரை அளவு மாற்றாமல் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்கள். நகர்த்தாமல் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார்கள். மாடல் தூரத்தை முடிவு செய்தது காரின் அளவை வைத்து அல்ல. காரின் அடி படத்தில் எந்த உயரத்தில் விழுகிறது என்பதை வைத்துத்தான். கேமரா எப்போதும் அதே உயரத்தில், அதே கோணத்தில் இருக்கும் என்று அது பழகிப்போயிருந்தது.

கிட்டியின் கேமரா தரையிலிருந்து 1.65 மீட்டர் உயரத்தில் இருந்தது. நம் ரோபோவின் கேமராவோ 25 சென்டிமீட்டரில் இருக்கிறது. அப்படிப்பட்ட பழக்கத்தோடு வரும் மாடல் இங்கே சொல்லும் மீட்டரை அளந்து பார்க்காமல் ஏற்பது சரியல்ல. மீட்டர் மாடலானாலும் தரையோடு ஒப்பிட்டுத் திருத்துவது நல்லது. நாடாவைத் தரையில் விரித்து, தரையைக் கொண்டு a, b கண்ட பிறகு, கணக்கில் சேராத மூன்றாவது தூரம் ஒன்றில் பெட்டியை வைத்துச் சரிபார்ப்பதுதான் எந்த மாடலுக்கும் முதல் தேர்வு.

தரை என்ற அளவுகோலுக்கும் பலவீனம் உண்டு. அது கேமராவின் சரிவைப் பொறுத்தது. ரோபோ திடீரென்று பிரேக் போட்டு முன்பக்கம் ஒரே ஒரு டிகிரி குனிந்தால், படத்தில் எல்லாம் சுமார் 9 பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு மீட்டர் என்று கணக்கிட்ட தரையில் அதனால் 7 சென்டிமீட்டர்வரை பிழை வரும். இரண்டரை மீட்டர் என்று கணக்கிட்டது 2.1 ஆகவோ 3 ஆகவோ மாறிவிடும். அதனால் சரிவை அளக்கும் உணரி ஒன்றைச் சேர்த்து, தொடுவான வரிசையை ஒவ்வொரு படத்துக்கும் திருத்துகிறார்கள். கேமராவை வேண்டுமென்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினாலும் நேர்கோட்டுத் தன்மை போவதில்லை. சூத்திரத்தில் அந்தச் சாய்வுக் கோணம் சேர்ந்துகொள்ளும்.

லிடார் உள்ள ரோபோவில் தரைக்குப் பதிலாக அதன் புள்ளிகளையே அளவுகோலாக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: லிடார் அளப்பது கதிர் போகும் சாய்ந்த தூரம், மாடலின் கணக்கு கேமராவுக்கு நேர் முன்னே உள்ள தூரம். பக்கவாட்டில் 30 டிகிரியில் லிடார் 2 மீட்டர் என்று சொன்னால் மாடலுக்குக் கொடுக்க வேண்டியது 1.73 மீட்டர். இதை மறந்தால் நேரான சுவர் வில்லாக வளைந்து தெரியும். ஒளியை அனுப்பித் திரும்பும் நேரத்தை அளக்கும் மலிவான சிறு உணரி ஒன்று மட்டும் இருந்தால், அது ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே சொல்லும் என்பதால் a, b இரண்டையும் தனியாகத் தீர்மானிக்க அதனால் முடியாது. தரைக் கணக்கைச் சரிபார்க்கும் சாட்சியாக அது நன்றாகப் பயன்படும்.

இந்த முறை எட்டாத இடங்களும் இருக்கின்றன. பொருளின் விளிம்பில் மாடல் முன்புறத்தையும் பின்புறத்தையும் குழைத்துவிடுவதால், 1.5 மீட்டர் பெட்டிக்கும் 4 மீட்டர் சுவருக்கும் நடுவே வெறும் காற்றில் புள்ளிகள் முளைக்கும். விளிம்புப் பிக்சல்களைக் கழித்துவிடுவது வழக்கம். கண்ணாடிக் கதவும், சுவரில் ஒட்டிய இயற்கைக் காட்சிச் சுவரொட்டியும் மாடலை ஏமாற்றக்கூடும். அங்கே a, b சரியாக இருந்தும் விடை தவறும். தரையைப் பார்த்துச் செய்யும் எந்தச் சோதனையும் அந்தத் தவறைக் காட்டாது. மீயொலி உணரி போன்ற வேறு வகைக் கருவிதான் அங்கே காப்பாற்றும்.

நம் ரோபோவின் படத்தில் அடி வரிசையில் தெரியும் தரை 52 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில் இருக்கும் தரை கேமராவின் பார்வைக்குள் வருவதே இல்லை. அதற்குள் நகரும்போது நேரமும் சேர்ந்துகொள்கிறது: படம் எடுத்து, ஆழம் கணித்து, a, b கண்டு முடிக்க 0.2 நொடி ஆகிறது என்றால், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும் ரோபோ அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கேமராவுக்கும் முன்பக்க பம்பருக்கும் இடையே உள்ள நீளத்தையும் கழிக்க வேண்டும். அது 12 சென்டிமீட்டர் என்றால், ஒன்றரை மீட்டரில் தெரிந்த பெட்டிக்கு உண்மையில் மிச்சம் இருப்பது 1.28 மீட்டர். கீழே இறங்கும் படிக்கட்டின் ஓரமாக இருந்தால் தரை என்ற அளவுகோலே அங்கே அறுந்துபோகிறது. அந்தக் கடைசி அரை மீட்டருக்காகத்தான் தரையைத் துடைக்கும் வீட்டு ரோபோக்கள்கூட, எத்தனை நல்ல கேமரா இருந்தாலும், வயிற்றுப் பக்கம் கீழ்நோக்கிய அகச்சிவப்பு உணரிகளையும் முன்னால் அழுந்தும் பம்பரையும் வைத்திருக்கின்றன.